மலம் பென்சில் போல மெலிந்து வருகிறது, முழுவதும் போன நிறைவும் இல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலைந்து நாட்களாக மலம் பென்சில் போல மெலிதாக வருகிறது. இது புற்றுநோயா?

நாலைந்து நாள் என்றால் பெரும்பாலும் இல்லை. மலத்தின் தடிமனைத் தீர்மானிப்பவை இரண்டு: மலம் எவ்வளவு இளகியிருக்கிறது, வெளியேறும் நேரத்தில் ஆசனவாய் எவ்வளவு விரிகிறது. வயிறு கலங்கி மலம் இளகினாலும், பதற்றத்தாலோ வலிக்குப் பயந்தோ ஆசனவாயின் சுருக்குத் தசை பாதிதான் விரிந்தாலும் மலம் மெலியும். பற்பசைக் குழாயிலிருந்து வரும் பசையின் பருமனை முடிவு செய்வது குழாயின் வயிறு அல்ல, அதன் வாய்தான். இங்கும் அதே கதை.

புற்றுநோய் மலத்தை மெலியச் செய்யும் என்பது பொய்யல்ல. மலக்குடலிலோ பெருங்குடலின் இறுதி வளைவிலோ ஒரு கட்டி வளர்ந்து பாதையைச் சுற்றிலும் நெருக்கினால் மலம் மெலிந்து வரலாம். ஆனால் அந்த அளவுக்கு நெருக்கும் கட்டி பெரும்பாலும் வேறு அடையாளங்களையும் காட்டும்: ரத்தம், சளி, எடைக் குறைவு, ரத்தசோகை, அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வைக்கும் உந்துதல். ஆகவே மெலிந்த மலத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மாற்றம் எத்தனை வாரமாக நீடிக்கிறது, கூடவே என்ன இருக்கிறது என்பவைதான் பேசும்.

எவ்வளவு மெலிந்தால் மெலிந்தது என்று கொள்வது? அளவு ஏதும் உண்டா?

இல்லை. ஒரே ஆளுக்கே ஒரே வாரத்தில் பருமன் மாறும். ஸ்கேலை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகாதீர்கள். அப்படிச் செய்பவர்களுக்குக் கவலைதான் அளவில்லாமல் வளர்கிறது.

குறித்துக்கொள்ளத் தகுந்தது வேறு. பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று உண்டு. ஆட்டுப் புழுக்கை போன்ற கட்டியான முதல் வகையிலிருந்து நீராக ஓடும் ஏழாம் வகை வரை மலத்தை அது பிரிக்கிறது. மூன்றும் நான்கும் இயல்பானவை. இளகிய ஐந்து, ஆறு வகைகளில் மெலிந்து வருவதற்குப் பெரிய பொருள் கிடையாது. மாறாக, கெட்டிப்பட்ட மலமே ஒவ்வொரு முறையும், வாரக்கணக்கில், விதிவிலக்கே இல்லாமல் நாடா போலவோ பென்சில் போலவோ வந்தால் வழியில் எங்கோ ஒரு நிலையான நெருக்கம் இருக்கலாம். இடையிடையே ஒரு முறையாவது வழக்கமான பருமனில் வந்தால் அந்தப் பாதை விரியக்கூடியது என்று தெரிகிறது. அது ஆறுதலான செய்திதான். ஆனாலும் கீழே வரும் எச்சரிக்கை அடையாளங்களில் ஒன்று இருந்தால் இந்த ஆறுதலை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

போய்விட்டு வந்த பிறகும் உள்ளே ஏதோ மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது. உண்மையிலேயே மிச்சம் இருக்கிறதா?

சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லை. ஒரே உணர்வுக்குள் இரண்டு வேறு காரணங்கள் ஒளிந்திருப்பதால்தான் இந்த விஷயம் பலரைக் குழப்புகிறது.

மலக்குடல் என்பது ஆசனவாய்க்கு மேலே உள்ள சுமார் 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளப் பகுதி. அது நிறைந்ததும் அதன் சுவர் விரிவதை நரம்புகள் மூளைக்குச் சொல்கின்றன. வெளியேறும்போது தசைகள் ஒத்துழைக்காமல் பாதி மலம் தங்கிவிட்டால் அந்தச் செய்தி நிற்காது. இது உண்மையான மிச்சம். இதை அனுபவிப்பவர் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போனால் இன்னும் கொஞ்சம் மலம் வரும்.

இன்னொரு வகையில் மலக்குடல் காலியாகவே இருக்கும். ஆனால் அதன் சுவர் அழன்று புண்ணாகியிருந்தாலோ, சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியோ கட்டியோ உட்கார்ந்திருந்தாலோ, நரம்புகள் அதையே மலம் என்று எண்ணி உந்துதலைக் கிளப்பும். இவர் பத்து முறை போனாலும் ஒரு கரண்டி சளியோ சிறிது ரத்தமோதான் வரும். சில சமயம் ஒன்றுமே வராது. உந்துதல் இருந்தும் வெறுமனே முக்கிவிட்டுத் திரும்புவது, இரவில் தூக்கத்திலிருந்து அந்த உந்துதல் எழுப்பிவிடுவது, சளி படிவது ஆகியவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றை நாள் தள்ளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். மூலத்தால் இப்படி வருமா?

பெரிய உள்மூலம் வெளியே இறங்கும்போது ஏதோ அடைத்திருப்பது போன்ற உணர்வைத் தரும். ஆசனவாய் வெடிப்பு இருந்தால் வலிக்குப் பயந்து சுருக்குத் தசை இறுகி மலம் மெலியும். எனவே அந்த வார்த்தை தவறென்று சொல்லிவிட முடியாது. என் சண்டை எல்லாம் பார்க்காமலே மூலம் என்று சொல்வதோடுதான். ரத்தம் வந்தால் மூலம், அடைப்பு போலிருந்தால் மூலம், அரித்தால் மூலம் என்று சொல்லிச் சொல்லியே மலக்குடல் கட்டிகள் மாதக்கணக்கில் மறைந்திருக்கின்றன.

மூலம் மிகச் சாதாரணமானது. ஆகவே மூலமும் வேறொன்றும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் சாதாரணம். உங்களைப் பார்த்த மருத்துவர் விரலால் பரிசோதித்தாரா, சிறு குழாய் வழியாக, அதாவது புரோக்டோஸ்கோபி செய்து, உள்ளே பார்த்தாரா என்று யோசியுங்கள். இரண்டும் இல்லையென்றால் உங்களுக்கு மருந்து கிடைத்திருக்கிறது, நோயறிதல் கிடைக்கவில்லை. களிம்பைச் சில வாரங்கள் போட்டும் தொல்லை தீரவில்லை என்றால் அடுத்த களிம்பை வாங்காமல் பரிசோதனையைக் கேளுங்கள்.

தினமும் போகிறேன். எனக்கு எப்படி மலச்சிக்கல் இருக்க முடியும்?

முடியும். மலச்சிக்கலை நாள் கணக்கில் மட்டும் அளப்பது பழைய பழக்கம். நெடுநேரம் முக்குவது, முழுவதும் போகாத உணர்வு, ஏதோ அடைப்பது போன்ற உணர்வு, விரலால் உதவ வேண்டியிருப்பது எல்லாம் மலச்சிக்கலில் சேர்ந்தவையே. தினமும் மூன்று தடவை போகிற ஒருவர், மூன்று தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்த துண்டுகளாகவே போகிறார் என்றால் அவருக்கு இருப்பது வெளியேற்றச் சிக்கல். குடல் வேகம் சரி, கதவு சரியாகத் திறப்பதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எப்படிப்பட்ட அடையாளங்கள் இருந்தால் காத்திருக்கவே கூடாது?

மலத்தோடு கலந்த ரத்தம் அல்லது கருஞ்சிவப்பு ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை, வயிற்றிலோ ஆசனவாயிலோ கையில் தட்டுப்படும் கட்டி, மேலே சொன்ன வெறும் சளி உந்துதல், இரவில் எழுப்பும் உந்துதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்தால், அல்லது நீங்கள் 45 வயதைத் தாண்டி, இந்த மாற்றம் உங்களுக்குப் புதிதாக வந்திருந்தால், வேறெந்த அடையாளமும் இல்லாமலேயே பார்த்துவிட வேண்டும்.

இவை வாரக் கணக்கில் பேசக்கூடியவை. மணிக் கணக்கில் பேச வேண்டியது ஒன்று உண்டு. வயிறு உப்பி, பிடித்துப் பிடித்து வலித்து, காற்றும் மலமும் இரண்டுமே நின்று, வாந்தியும் வந்தால் அது குடலடைப்பு. அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் பேதி மருந்து எதுவும் குடிக்காதீர்கள்; அடைப்புக்குப் பின்னால் அழுத்தத்தைக் கூட்டுவதில்தான் அது முடியும்.

எனக்கு அந்த அடையாளங்கள் எதுவும் இல்லை. எத்தனை நாள் பொறுக்கலாம், அதற்குள் என்ன செய்யலாம்?

மூன்று, நான்கு வாரம். அதற்குள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றால் காட்டுங்கள். அந்த நாட்களில் ஒரு தாளில் மூன்றே மூன்றைக் குறித்துவையுங்கள்: பிரிஸ்டல் வகை எண், எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள், ரத்தமோ சளியோ இருந்ததா. மருத்துவரிடம் போகும்போது இந்தத் தாள் அரை மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும்.

கழிப்பறைப் பழக்கத்தையும் மாற்றிப் பாருங்கள். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் பெருங்குடல் தானாகவே அசையும். காலை உணவுக்குப் பிறகு போவது அந்த அசைவைப் பயன்படுத்திக்கொள்வது. மேற்கத்திய வகைக் கழிப்பறை என்றால் பாதத்துக்கு அடியில் ஒரு சிறு முக்காலியை வைத்து முழங்காலை இடுப்பைவிட உயர்த்துங்கள், முன்னால் சாய்ந்து முழங்கையை முழங்காலில் ஊன்றுங்கள். மலக்குடலும் ஆசனவாயும் சேரும் இடத்தில் ஒரு தசை கவண் போல வளைத்துப் பிடித்திருக்கிறது. இந்த அமர்வில் அந்த வளைவு நிமிர்கிறது. குந்தி அமரும் கழிப்பறையில் இது தானாகவே நடக்கும். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் எழுந்துவிடுங்கள். போனைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனால் பத்து நிமிடம் தாண்டாது.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கோடீன் போன்ற வலி மருந்துகள், வெராபமில் போன்ற சில ரத்த அழுத்த மருந்துகள் மலத்தை இறுக்கிவிடும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

எனக்கு 32 வயதுதான். இந்த வயதில் பயப்பட வேண்டுமா?

உங்கள் வயதில் ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய், வெடிப்பு, முன்பு சொன்ன தசை ஒத்துழையாமை ஆகியவையே முன்னால் நிற்கின்றன. வயிறு பிடித்து, போனதும் தணிந்து, சில நாள் இறுகி, சில நாள் இளகி, பல வருடங்களாக இப்படியே ஓடுகிறது என்றால் ஐபிஎஸ் பக்கம் சாயும்.

ஆனால் 50 வயதுக்குக் கீழேயும் மலக்குடல் புற்றுநோய் வருகிறது. பல நாடுகளில் அது கூடிவருகிறது. 2021இல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, சாதாரண ஆபத்து உள்ளவர்களுக்கான பரிசோதனை வயதை 50இலிருந்து 45 ஆகக் குறைத்ததும் இதனால்தான். இளம் வயதினரிடம் தாமதமாவதற்குக் காரணம் நோய் மறைந்திருப்பது மட்டுமல்ல, இந்த வயதில் வராது என்று இருதரப்பும் நம்புவதும்தான். 32 வயதுக்காரருக்கு ரத்தம் இருந்தால் 62 வயதுக்காரருக்குச் செய்வதுபோலவே உள்ளே பார்க்க வேண்டும்.

டாக்டர் விரலை விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். கூச்சமாக இருக்கிறது, அது இல்லாமல் முடியாதா?

இந்தத் தொல்லைக்கு அது இல்லாமல் தொடங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது. விரலுக்கு ஏழு, எட்டு சென்டிமீட்டர் வரை எட்டும். மலக்குடலின் கீழ்ப்பாதியில் உள்ள கட்டி பெரும்பாலும் அந்த விரலுக்குத் தட்டுப்படும். கெட்டிப்பட்டு அடைத்திருக்கும் மலம், சுருங்கிப்போன ஆசனவாய், ஆண்களுக்கு வீங்கிய புராஸ்டேட் எல்லாம் அதில் தெரியும். இவ்வளவும் இரண்டு நிமிடத்தில்.

நடப்பது இதுதான்: இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை மார்பை நோக்கி மடக்கச் சொல்வார்கள். வெளிப்புறத்தை முதலில் பார்ப்பார்கள். பிறகு கையுறை போட்ட, ஜெல் தடவிய விரல் மெதுவாக உள்ளே போகும். அப்போது நல்ல மருத்துவர் இரண்டு காரியங்களைக் கேட்பார். அடக்குவதுபோல இறுக்குங்கள் என்பார், பிறகு மலம் கழிப்பதுபோல முக்குங்கள் என்பார். முக்கும்போது தசை தளர்ந்து விரல் வெளியே வர வேண்டும். அதற்குப் பதிலாகத் தசை விரலை இன்னும் இறுக்கினால் பல ஆண்டுத் தொல்லைக்கான விடை அந்த நொடியில் கிடைத்துவிடுகிறது.

வெடிப்பு இருந்தால் வலிக்கும், முன்கூட்டியே சொல்லுங்கள். மரத்துப்போகும் ஜெல் போடுவார்கள், அல்லது புண் ஆறட்டும் என்று தள்ளி வைப்பார்கள். துணைக்கு ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. ஒரே பாலின மருத்துவர் வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை.

வயிற்று ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நார்மல். அது போதாதா?

போதாது. வயிற்றின் மேலிருந்து செய்யும் அல்ட்ராசவுண்ட் மலக்குடலின் உட்சுவரைப் பார்ப்பதற்கான கருவி அல்ல. ரத்தத்தில் சிஇஏ என்ற புற்றுநோய்க் குறியீட்டின் அளவைப் பார்ப்பதும் நோயைக் கண்டுபிடிப்பதற்காக வந்ததல்ல. கட்டி இருப்பவருக்கு அது இயல்பாக இருக்கலாம், புகைபிடிப்பவருக்குக் கட்டியே இல்லாமல் உயர்ந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் பயனுள்ளவை ஹீமோகுளோபினும், உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும்தான், உள்ளே மெல்லக் கசியும் ரத்தத்தை அவை காட்டிக்கொடுக்கும்.

எஃப்ஐடி என்ற மலப் பரிசோதனை, கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தத்தைத் தேடுவது. அறிகுறி உள்ளவர்களில் யாருக்கு, பெருங்குடலைக் கேமராக் குழாயால் உள்ளிருந்து பார்க்கும் கொலோனோஸ்கோபி உடனே தேவை என்று வரிசைப்படுத்த அது நன்றாக உதவுகிறது. ஆனால் விரலில் ஏதோ தட்டுப்பட்டுவிட்டால் அதன் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. எஃப்ஐடி எதிர்மறையாக வந்தும் அறிகுறி நீடித்தால் மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும்.

கொலோனோஸ்கோபி செய்துவிட்டேன், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் மலமும் உணர்வும் அப்படியேதான் இருக்கின்றன. எனக்கு மனப்பிரச்சினையா?

இல்லை. கொலோனோஸ்கோபி குடலின் சுவரைப் பார்க்கிறது. தசைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அது பார்ப்பதில்லை. படுத்து மயங்கிக் கிடப்பவரின் தசை, கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 41 வயது ஆண். காலையில் நான்கு தடவை போகிறார், மொத்தம் முக்கால் மணி நேரம். ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரலைவிட மெலிந்த துண்டுகள், பிரிஸ்டல் மூன்றாம் வகை. ரத்தம் இல்லை, எடை குறையவில்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை. மூன்று ஆண்டாக இப்படித்தான், ஹீமோகுளோபின் 14. கொலோனோஸ்கோபி இயல்பு. நார்ச்சத்தைக் கூட்டினார், வயிறு உப்பியதுதான் மிச்சம். இங்கே ஒவ்வொரு விவரமும் ஒரே பக்கம் காட்டுகிறது. மலம் கெட்டியாக இல்லை, ஆகவே குடல் வேகம் காரணமல்ல. சுவரில் ஒன்றுமில்லை. நீண்ட காலமாக மாறாமல் இருக்கிறது. மிஞ்சுவது வாசலில் உள்ள தசை.

விரல் பரிசோதனையில் முக்கச் சொன்னபோது அவருடைய தசை தளர்வதற்குப் பதிலாக இறுகியது. அடுத்து பலூன் பரிசோதனை: மலக்குடலுக்குள் ஒரு சிறு பலூனை வைத்து 50 மில்லி வெதுவெதுப்பான நீரை நிரப்பி, தனியறையில் கழிப்பறை இருக்கையில் அமர்ந்து வெளியேற்றச் சொன்னார்கள். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும். அவருக்கு ஐந்து நிமிடத்திலும் வரவில்லை. மெல்லிய குழாயால் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரியில், வயிறு தள்ளுகிற அதே நேரத்தில் ஆசனவாய் அழுத்தமும் ஏறுவது வரைபடமாகத் தெரிந்தது. உள்ளிருந்து தள்ளும்போதே கதவையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியாது. இடுப்புத்தளத் தசைகளின் இந்த ஒத்துழையாமைக்கு மருந்து கிடையாது, பயிற்சி உண்டு.

அந்தப் பயிற்சி என்றால் என்ன? வீட்டிலேயே செய்யலாமா?

பயோஃபீட்பேக் என்று அழைக்கிறார்கள். ஆசனவாயில் ஒரு சிறு உணர்கருவியை வைத்து, தசை இறுகுவதையும் தளர்வதையும் திரையில் கோடாகக் காட்டுவார்கள். நீங்கள் முக்கும்போது கோடு ஏறினால் இறுக்குகிறீர்கள், இறங்கினால் தளர்த்துகிறீர்கள். கண்ணால் பார்த்துப் பார்த்து, இதுவரை தெரியாமல் செய்துவந்ததைத் தெரிந்து மாற்றுகிறீர்கள். பொதுவாக நான்கிலிருந்து ஆறு அமர்வுகள், ஒன்றிரண்டு வார இடைவெளியில். நல்ல பயிற்சியாளரிடம் செய்தவர்களில் பெரும்பாலோர் முன்னேறுகிறார்கள். இந்தக் குறைக்கு மலமிளக்கியைவிட இது சிறந்தது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வீட்டில் செய்யக்கூடியது அதன் பாதி. முன்பு சொன்ன அமர்வில் உட்கார்ந்து, மூச்சை அடக்காமல், வயிற்றை முன்னால் தள்ளிப் பெரிதாக்குங்கள்; விலா அடியில் இரு கையையும் வைத்தால் அந்த விரிவு தெரியும். அதே சமயம் கீழே அடக்கி வைத்திருப்பதை விட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: கீழ்த்தசையை இறுக்கும் கெகல் பயிற்சியை இதற்குச் செய்யாதீர்கள். ஏற்கெனவே இறுகியதை இன்னும் இறுக்கச் சொல்லித் தருவது அது.

நார்ச்சத்து சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டதும் இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?

மேலே சொன்ன 41 வயதுக்காரருக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடந்திருக்கலாம். மலம் கெட்டியாக இருப்பவருக்கு நார்ச்சத்து நல்லது. வாசல் திறக்காதவருக்கு மலத்தைப் பெருக்குவது நெரிசலைக் கூட்டுவது. இன்னொரு காரணம் வேகம்: ஒரே நாளில் இரண்டு மடங்காக்கினால் யாருக்கும் வயிறு உப்பும்.

பிரிஸ்டல் ஒன்று, இரண்டு வகையாக வருகிறவர்கள் இசப்கோல் உமியை ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, முழு டம்ளர் தண்ணீரோடு உடனே குடித்து, வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டலாம். தண்ணீர் குறைந்தால் அதுவே கட்டியாகி அடைக்கும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும், குடல் குறுகியிருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்களும் பரிசோதனைக்கு முன் அதைத் தொடவேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு இப்படி ஆகிவிட்டது. பிறப்புறுப்பின் உட்புறத்திலிருந்து விரலால் அழுத்தினால்தான் போகிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சொல்லுங்கள், மருத்துவருக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு வாக்கியம் இல்லை. பிறப்புறுப்பின் பின்சுவரை அழுத்தினால் மலம் வெளியேறுகிறது என்றால், மலக்குடலின் முன்சுவர் பிறப்புறுப்பை நோக்கிப் பை போலப் புடைத்திருக்கலாம். முக்கும்போது மலம் கீழே போகாமல் அந்தப் பைக்குள் போய்த் தங்குகிறது. விரல் பையை உள்ளே தள்ளியதும் வழி திறக்கிறது. மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது கற்பனையல்ல, பையில் உண்மையிலேயே இருக்கிறது.

சிறு புடைப்பு பல பெண்களுக்கு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அறுவை வேண்டாம். மலத்தை மிருதுவாக வைப்பது, பயோஃபீட்பேக் ஆகியவை முதலில். தசை ஒத்துழையாமையும் கூட இருக்கிறதா என்று பார்க்காமல் அறுவைக்குப் போனால் தொல்லை திரும்பிவரும். மாதவிடாய் நாட்களில் மட்டும் மலம் கழிக்க வலிக்கிறது, உந்துதல் கூடுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் மலக்குடலைத் தொட்டிருக்கலாம்.

மூல அறுவை சிகிச்சை செய்த பிறகு மலம் மெலிந்துவிட்டது. தானாகச் சரியாகுமா?

முதல் சில வாரம் வீக்கத்தாலும் வலிப் பயத்தாலும் மெலிந்திருக்கலாம், அது தணியும். ஆனால் புண் ஆறும்போது தழும்பு சுருங்கி ஆசனவாயே குறுகிவிடுவதும் உண்டு. வாரங்கள் செல்லச்செல்லக் குறையாமல் கூடினால், இறுகிய மலம் வரும்போது கிழிவது போல வலித்தால் அறுவை செய்தவரிடம் திரும்பிப் போங்கள். லேசான சுருக்கத்துக்கு மலத்தை மிருதுவாக்குவதும் படிப்படியாக விரிப்பதும் போதும். இடுப்புக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் மலக்குடல் குறுகலாம். அந்தப் பழைய சிகிச்சையை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது. மலம் மெலிந்து, பிறகு நீராகக் கசிகிறது. பேதி என்று நிறுத்தும் மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், முதலில் விரலால் பரிசோதிக்கச் செய்யுங்கள். படுத்தே இருப்பவர்களுக்கும் வலி மருந்து சாப்பிடுபவர்களுக்கும் மலக்குடலில் கெட்டி மலம் கல்லாக அடைத்துக்கொள்ளும். அதற்கு மேலுள்ள நீர் மட்டும் பக்கவாட்டில் ஒழுகி வரும். பார்ப்பவருக்கு அது பேதி. பேதியை நிறுத்தும் மாத்திரை அந்தக் கல்லை இன்னும் இறுக்கிவிடும். அடைப்பு உறுதியானால் எனிமாவும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மலமிளக்கியும் கொடுத்து, சில சமயம் கையாலும், அதை அகற்றுவார்கள். அகற்றிய பிறகும் மெலிந்தே வந்தால், இந்த வயதில் அது புதிய மாற்றம் என்பதால், சுவரையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அவர் உடல்நிலை கொலோனோஸ்கோபிக்கான தயாரிப்பைத் தாங்காது என்றால், மலக்குடலையும் இறுதி வளைவையும் மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபி எளிது. அதற்கு ஒரு எனிமாவே பெரும்பாலும் போதும்.

போன மாதம் மெலிந்து வந்தது, ரத்தமும் இரண்டு முறை பட்டது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. இனி பார்க்க வேண்டாமல்லவா?

மலம் மெலிந்தது மட்டும் வந்து போயிருந்தால் விட்டுவிடலாம் என்பேன். ரத்தம் பட்டதால் விட முடியாது. கட்டியிலிருந்தும் பாலிப்பிலிருந்தும் கசியும் ரத்தம் வந்துவந்து நிற்கும், நின்றது ஆறியதற்கு அடையாளம் அல்ல. தேதிகளையும், ரத்தம் மலத்தோடு கலந்திருந்ததா, மேலே கோடாக இருந்ததா, பிறகு சொட்டியதா என்பதையும் நினைவிருக்கும்போதே எழுதி, அந்தத் தாளோடு ஒரு முறை போய் விரல் பரிசோதனையும் புரோக்டோஸ்கோபியும் செய்துகொள்ளுங்கள். கொலோனோஸ்கோபி தேவையா என்பதை உங்கள் வயது, குடும்ப வரலாறு, ஹீமோகுளோபின் ஆகியவற்றை வைத்து அன்றே முடிவு செய்யலாம்.